பத்து லட்சம் வாடகையில் வட்டி எவ்வளவு?

கோயம்புத்தூரில் கார் உதிரிபாகங்களுக்குக் கணினியில் வடிவமைப்புச் செய்துகொடுக்கும் ஒரு நடுத்தர கம்பெனி இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதற்கு 38 லட்ச ரூபாயில் ஒரு சர்வர் தொகுப்பு வேண்டும். வங்கிக்குப் போனால் 12 சதவீத வட்டிக்குக் கடன் கிடைக்கும். ஆனால் கட்டடத்தின் பத்திரத்தைக் கேட்பார்கள். இந்த நேரத்தில் ஒரு லீஸ் கம்பெனியின் ஆள் வந்து உட்காருகிறார். "சர்வரை நாங்களே வாங்கி உங்க ஆபீஸ்ல வச்சுடறோம் சார். வருஷத்துக்குப் பத்து லட்சம், அஞ்சு வருஷம். நடுவுல நிறுத்த முடியாது. அஞ்சு வருஷம் முடிஞ்சதும் நாங்களே வந்து எடுத்துக்கறோம்" என்கிறார். முதலாளிக்குக் கணக்குப் பிடித்துப்போகிறது. 2024 ஏப்ரல் 1 அன்று சர்வர் வந்து இறங்குகிறது. ஒவ்வொரு வருடமும் மார்ச் 31 அன்று வாடகை கொடுக்க வேண்டும். (நடப்பில் மாத வாடகையோ காலாண்டு வாடகையோதான் அதிகம். இங்கே ஐந்து வரியில் முடியட்டும் என்று வருட வாடகையாக வைத்திருக்கிறேன்.)

இதைக் கணக்கில் எப்படி எழுதுவது? கம்பெனியின் கணக்காளர் முதலில் செய்யப்போவது என்ன என்று ஊகிப்பது எளிது. மார்ச் 31 அன்று வாடகைச் செலவு பத்து லட்சம், வங்கியிலிருந்து பத்து லட்சம் என்று ஒரே பதிவு. அடுத்த வருடமும் அதே. சர்வர் லீஸ் கம்பெனியின் சொத்து, நமக்கு அதில் என்ன இருக்கிறது என்பது அவர் வாதம். பெரும்பாலான வாடகைகளுக்கு இது சரிதான். இந்த ஒப்பந்தத்துக்குச் சரியில்லை.

இந்தியப் பட்டயக் கணக்காளர் கழகத்தின் கணக்கியல் தரநிலை 19, அதாவது ஏஎஸ் 19, 2001 ஏப்ரல் 1 முதல் குத்தகைகளை இரண்டாகப் பிரிக்கச் சொல்கிறது. சொத்தின் லாபமும் ஆபத்தும் பெரும்பாலும் பயன்படுத்துபவரிடமே வந்துவிட்டால் அது நிதிக் குத்தகை. வரவில்லை என்றால் அது இயக்கக் குத்தகை, சாதாரண வாடகை. ஒப்பந்தத்தின் தலைப்பில் என்ன எழுதியிருக்கிறது என்பது பொருட்டில்லை. உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

நம் கதையில் இரண்டு விஷயங்கள் கண்ணில் படுகின்றன. கம்பெனிகள் சட்டம் 2013-ன் இரண்டாம் அட்டவணை சர்வருக்கு 6 வருட ஆயுள் கொடுக்கிறது. அதில் 5 வருடத்தை நாமே உபயோகித்துத் தீர்த்துவிடுகிறோம். இரண்டாவது, நாம் தரப்போகும் பணத்தின் இன்றைய மதிப்பு சர்வரின் விலையை ஏறத்தாழ எட்டிவிடுகிறது. இதைச் சற்று நேரத்தில் கணக்கிட்டே பார்ப்போம். அமெரிக்காவில் 1976-ல் வந்த விதி இதற்கு எண்ணையே வைத்தது: ஆயுளில் 75 சதவீதம், அல்லது விலையில் 90 சதவீதம். நம் ஏஎஸ் 19-ல் அப்படிப்பட்ட எண் கிடையாது. ஆயுளின் பெரும்பகுதி, விலையில் கிட்டத்தட்ட முழுவதும் என்று சொல்லிவிட்டுக் கணக்காளரின் பொறுப்பில் விட்டுவிடுகிறது. இது நல்லதுதான் என்பது என் எண்ணம். 90 என்று கோடு போட்டால் 89.9 சதவீதத்தில் ஒப்பந்தம் எழுதித் தருவதற்கு ஆட்கள் வந்துவிடுவார்கள், அமெரிக்காவில் வந்தார்கள்.

பெரிய கம்பெனிகளுக்கு இந்தப் பிரிவினையே இப்போது இல்லை. பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்டவை, 250 கோடிக்கு மேல் நிகர மதிப்புள்ளவை போன்றவற்றுக்கு 2019 ஏப்ரல் 1 முதல் இந்திய கணக்கியல் தரநிலை 116 வந்துவிட்டது. அதன்படி, குறுகிய காலக் குத்தகையும் மிகச்சிறு மதிப்புள்ளவையும் போக, குத்தகைக்கு எடுப்பவர் எல்லாவற்றையும் இருப்புநிலைக் குறிப்பில் காட்டியாக வேண்டும். சர்வதேசக் கணக்கியல் வாரியத்தின் தலைவராக இருந்த டேவிட் ட்வீடி, விமானக் கம்பெனியின் இருப்புநிலைக் குறிப்பில் இடம்பெற்ற விமானம் ஒன்றில் சாவதற்குள் பறந்துவிட வேண்டும் என்று கிண்டலாகச் சொல்லி வந்தார். அந்தக் கிண்டலின் பலன்தான் அந்தத் தரநிலை. நம் கோவை கம்பெனி அந்த அளவுக்குப் பெரியதில்லை. ஆகவே ஏஎஸ் 19-தான் அதற்குப் பொருந்தும்.

இனி கணக்குக்கு வருவோம். ஐந்து வருடத்தில் மொத்தம் 50 லட்சம் கொடுக்கப்போகிறோம். சர்வரின் விலை 38 லட்சம். இடையில் இருக்கும் 12 லட்சம் எங்கே போகிறது? வட்டியாகப் போகிறது. லீஸ் கம்பெனி நமக்குச் சர்வரைக் கொடுக்கவில்லை, சர்வர் வாங்கக் கடன் கொடுத்திருக்கிறது; அந்தக் கடனையும் வட்டியையும் சேர்த்து வாடகை என்ற பெயரில் வாங்கிக்கொள்கிறது. அந்தப் பத்து லட்சத்தில் அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு என்று பிரித்துவிட்டால் கணக்குப் பதிவுகள் தாமாக வந்துவிடும்.

பிரிப்பதற்கு முதலில் கடன் தொகை தெரிய வேண்டும். அதைத்தான் இன்றைய மதிப்பு என்கிறோம். அடுத்த வருடம் மார்ச் 31 அன்று தரவேண்டிய பத்து லட்சத்துக்கு இன்றைக்கு எவ்வளவு ஒதுக்கினால் போதும்? 12 சதவீதம் வட்டி தரும் இடத்தில் 8,92,857 ரூபாய் போட்டால் ஒரு வருடத்தில் சரியாகப் பத்து லட்சம் ஆகிவிடும். ஆகவே முதல் வாடகையின் இன்றைய மதிப்பு 8,92,857. இரண்டாவது வாடகைக்கு இரண்டு வருட அவகாசம் இருப்பதால் 7,97,194 போதும். மூன்றாவதற்கு 7,11,780. நான்காவதற்கு 6,35,518. ஐந்தாவதற்கு 5,67,427. ஐந்தையும் கூட்டினால் 36,04,776 ரூபாய். எக்செல்லில் ஒரே வரியில் வந்துவிடும்:

```
=PV(12%,5,-1000000)
```

12 சதவீதம் எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டும். தரநிலை முதலில் கேட்பது, லீஸ் கம்பெனி தன் மனதில் வைத்திருக்கும் உள்ளுறை வட்டி வீதத்தை. அதைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் ஐந்து வருடத்துக்குப் பிறகு பழைய சர்வரை அவர்கள் என்ன விலைக்கு விற்கக் கணக்குப் போட்டிருக்கிறார்கள் என்று தெரிய வேண்டும். அதைக் குத்தகைக்கு எடுப்பவரிடம் சொல்லிவிடும் லீஸ் கம்பெனி அபூர்வம். தெரியாத இடத்தில், இதே தொகையை இதே காலத்துக்கு நாம் கடன் வாங்கினால் என்ன வட்டி கொடுப்போமோ அதை எடுத்துக்கொள்ளலாம். வங்கி நமக்குச் சொன்னது 12. அதனால் 12. வங்கியின் கடிதத்தை ஒப்பந்தக் கோப்பிலேயே சேர்த்து வைத்துவிடுவது நல்லது; ஆடிட்டர் முதலில் கேட்பது அதைத்தான். வீதத்தை ஒரு சதவீதம் கூட்டிக் குறைத்தால் கடன் தொகை லட்சக்கணக்கில் நகர்வதில்லை என்றாலும், பல பத்தாயிரங்கள் நகரும்.

36,04,776 என்பது 38 லட்சத்தில் ஏறக்குறைய 95 சதவீதம். கிட்டத்தட்ட முழு விலை. நிதிக் குத்தகை என்று சொன்னதற்கு இதுவே போதும். மீதி 1,95,224 ரூபாயை லீஸ் கம்பெனி எப்படி எடுக்கும்? பழைய சர்வரை விற்றுத்தான். அவர்களும் 12 சதவீதமே எதிர்பார்க்கிறார்கள் என்றால், ஐந்து வருடம் கழித்து அது சுமார் 3.44 லட்சத்துக்குப் போகும் என்று நம்புகிறார்கள் என்று பொருள். அந்தக் கடைசித் துண்டு நம்முடையது அல்ல, அதனால் நம் கணக்கில் வராது. ஒருவேளை ஒப்பந்தத்தில் 'பழைய சர்வர் மூன்று லட்சத்துக்குக் குறைவாகப் போனால் குறைவதை நீங்கள் தரவேண்டும்' என்று ஒரு வரி இருந்தால் கதை மாறும். அந்த மூன்று லட்சத்தின் இன்றைய மதிப்பையும் கூட்ட வேண்டும். கையெழுத்துக்கு முன் கடைசிப் பக்கங்களைப் படிக்கச் சொல்வது இதற்காகத்தான்.

வாடகையோடு சேர்த்துப் பராமரிப்புக் கட்டணத்தையும் ஒரே தொகையாகப் பில் போடும் கம்பெனிகள் உண்டு. அப்படியானால் பராமரிப்பைப் பிரித்து எடுத்துவிட்டு மிச்சத்துக்கு மட்டுமே இன்றைய மதிப்பு பார்க்க வேண்டும். பராமரிப்பு கடன் அல்ல, வருடாவருடம் நடக்கும் சேவை. ஜிஎஸ்டியையும் இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

சர்வரை எந்த மதிப்பில் எழுதுவது என்பதில் ஒரு விதி இருக்கிறது: சந்தை விலை, இன்றைய மதிப்பு இரண்டில் எது குறைவோ அது. இங்கே இன்றைய மதிப்பே குறைவு. ஆகவே 2024 ஏப்ரல் 1 அன்று குறிப்பேட்டில் முதல் பதிவு:

குத்தகைச் சர்வர் கணக்கு – பற்று 36,04,776
குத்தகைப் பொறுப்பு கணக்கு – வரவு 36,04,776

ஒரு ரூபாய் கூடக் கைமாறவில்லை. ஆனாலும் இருப்புநிலைக் குறிப்பின் இரண்டு பக்கமும் 36 லட்சம் கூடிவிட்டது. முதலாளிக்குப் பிடிக்காத பதிவு இது. கடன் வாங்காமல் சர்வர் வாங்கியாயிற்று என்று நினைத்திருந்தவருக்கு, அடுத்த முறை வங்கிக்குப் போகும்போது அதிகாரி பார்க்கும் கடன் விகிதத்தில் இந்தத் தொகையும் உட்கார்ந்திருக்கும்.

இனி வருவதுதான் இந்த வேலையின் முதுகெலும்பு: பொறுப்பு அட்டவணை. வீட்டுக் கடன் வாங்கியவர்கள் வங்கி தரும் தவணைப் பட்டியலைப் பார்த்திருப்பார்கள், அதே வடிவம்தான். வருடத் தொடக்கத்தில் இருக்கும் கடனுக்கு 12 சதவீத வட்டி. வாடகையிலிருந்து வட்டியைக் கழித்தால் மிச்சம் அசல். அசலைக் கடனிலிருந்து கழித்தால் அடுத்த வருடத் தொடக்க நிலுவை.

| மார்ச் 31 | தொடக்க நிலுவை | வட்டி | அசல் | இறுதி நிலுவை |
|---|---|---|---|---|
| 2025 | 36,04,776 | 4,32,573 | 5,67,427 | 30,37,349 |
| 2026 | 30,37,349 | 3,64,482 | 6,35,518 | 24,01,831 |
| 2027 | 24,01,831 | 2,88,220 | 7,11,780 | 16,90,051 |
| 2028 | 16,90,051 | 2,02,806 | 7,97,194 | 8,92,857 |
| 2029 | 8,92,857 | 1,07,143 | 8,92,857 | 0 |

அசல் என்ற பத்தியை மேலிருந்து கீழாக ஒருமுறை படித்துப் பாருங்கள். 5,67,427 முதல் 8,92,857 வரை, சற்று முன் கண்டுபிடித்த ஐந்து இன்றைய மதிப்புகளும் தலைகீழ் வரிசையில் வந்து நிற்கின்றன. இது தற்செயல் அல்ல. வாடகை ஒரே தொகையாக இருக்கும்வரை எப்போதும் இப்படியே வரும். காரணம் இறுதி நிலுவையில் இருக்கிறது. 2026 மார்ச்சில் நிற்கும் 24,01,831 என்பது, அன்றைய தேதியில் பாக்கி இருக்கும் மூன்று வாடகைகளின் இன்றைய மதிப்பு, அவ்வளவுதான். அதாவது இந்த அட்டவணை, இன்றைய மதிப்பை ஒவ்வொரு வருடமும் புதிதாகக் கணக்கிடுவதற்குச் சமம். பெரிய அட்டவணைகளில் எங்கேயாவது தவறு இருக்கிறதா என்று சந்தேகம் வந்தால், நடுவில் ஏதாவது ஒரு வரியை எடுத்து, மிச்சமிருக்கும் வாடகைகளுக்கு மட்டும் இன்றைய மதிப்பு பார்த்தால் போதும். அந்த வரி சரியாக வந்தால் அதற்கு மேலே இருப்பதெல்லாம் சரி.

இன்னொரு சோதனை எல்லோரும் செய்வது: கடைசி நிலுவை பூஜ்யமாக வேண்டும். ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் நின்றால் அது பைசாவை முழுமைப்படுத்தியதால் வந்தது. கடைசி வருட வட்டியில் சரிசெய்துவிடலாம். ஆயிரக்கணக்கில் நின்றால் வட்டி வீதத்திலோ காலத்திலோ பிழை. அதை வட்டியில் தள்ளி மறைப்பதைச் சில இடங்களில் பார்த்திருக்கிறேன். அங்கே பிழை ஒளிந்துகொள்ளுமே தவிரப் போகாது.

அட்டவணை தயாரான பிறகு வருடப் பதிவுகளில் யோசிக்க ஒன்றும் இல்லை. 2025 மார்ச் 31 அன்று லீஸ் கம்பெனி பத்து லட்சத்துக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி சேர்த்து 11,80,000-க்குப் பில் தருகிறது. இயந்திர வாடகை என்பதால் பத்து லட்சத்தின் மேல் 2 சதவீதம் டிடிஎஸ் பிடிக்கிறோம். பதிவு இப்படி:

வட்டிச் செலவு – பற்று 4,32,573
குத்தகைப் பொறுப்பு – பற்று 5,67,427
உள்ளீட்டு ஜிஎஸ்டி – பற்று 1,80,000
வங்கி – வரவு 11,60,000
செலுத்தவேண்டிய டிடிஎஸ் – வரவு 20,000

வங்கி அறிக்கையில் தெரிவது 11,60,000. அட்டவணையில் இருப்பது பத்து லட்சம். புதிதாகச் சேர்ந்த உதவியாளர்கள் தடுமாறுவது இங்கேதான். வங்கியில் போன தொகையை அப்படியே அட்டவணையில் வாடகையாகப் போட்டுவிட்டால், ஐந்தாம் வருடம் கடன் தீர்ந்து எதிர்மறைக்குப் போய்விடும்.

கூடவே தேய்மானம். ஐந்து வருடம் முடிந்ததும் சர்வர் நம் கையை விட்டுப் போய்விடும் என்பதால், ஆயுள் ஆறு வருடமாக இருந்தாலும் ஐந்து வருடத்துக்குள் முழுவதையும் எழுதித் தீர்க்க வேண்டும். 36,04,776-ஐ ஐந்தால் வகுத்தால் வருடத்துக்கு 7,20,955. கடைசி வருடம் மட்டும் ஒரு ரூபாய் கூடுதல்.

தேய்மானச் செலவு – பற்று 7,20,955
திரண்ட தேய்மானம் – வரவு 7,20,955

கடைசியில் சர்வர் நமக்கே சொந்தமாகும் என்று ஒப்பந்தம் சொன்னால் ஆறு வருடத்துக்குப் பரப்பியிருப்போம். கடன் ஐந்து வருடத்தில் முடியும், தேய்மானம் ஆறாவது வருடமும் ஓடும். அதில் முரண்பாடு ஒன்றுமில்லை. சொத்தும் கடனும் முதல் நாள் மட்டுமே ஒரே எண்ணில் தொடங்குகின்றன. மறுநாளிலிருந்து அவை தனித்தனி வழி.

இப்போது லாப நட்டக் கணக்கைப் பாருங்கள். முதல் வருடம் வட்டி 4,32,573, தேய்மானம் 7,20,955, ஆகமொத்தம் 11,53,528 ரூபாய் செலவு. கொடுத்த வாடகையோ பத்து லட்சம்தான். ஒன்றரை லட்சம் கூடுதலாகச் செலவு காட்டியிருக்கிறோம். இரண்டாம் வருடம் 10,85,437. மூன்றாம் வருடம் 10,09,175, கிட்டத்தட்ட வாடகைக்கே வந்துவிடுகிறது. நான்காம் வருடம் 9,23,761. ஐந்தாம் வருடம் 8,28,099. ஐந்தையும் கூட்டினால் சரியாக 50 லட்சம். வாடகை என்று நேரடியாக எழுதியிருந்தாலும் மொத்தம் அதே 50 லட்சம்தான் வந்திருக்கும். ஆக, நிதிக் குத்தகை மொத்தச் செலவைக் கூட்டுவதுமில்லை, குறைப்பதுமில்லை. முன்வருடங்களில் அதிகமாகவும் பின்வருடங்களில் குறைவாகவும் போடுகிறது, அவ்வளவே. கடன் பெரிதாக இருக்கும்போது வட்டியும் பெரிதாக இருக்கும் என்பதே காரணம்.

வருமான வரித்துறை இந்தப் பதிவுகளைக் கண்டுகொள்வதில்லை. கம்பெனியின் கணக்கில் யார் சர்வரைக் காட்டினாலும் வரிச்சட்டப்படியான தேய்மானத்தில் ஏஎஸ் 19-ஆல் மாற்றம் எதுவும் வராது என்று நேரடி வரிகள் வாரியம் 2001-லேயே தன் சுற்றறிக்கை 2-ல் சொல்லிவிட்டது. ஆகவே நடைமுறையில், உரிமையாளரான லீஸ் கம்பெனி தேய்மானம் கோரும். நம் கம்பெனி வரிக் கணக்கில் வாடகை பத்து லட்சத்தையே செலவாகக் காட்டும். முதல் வருடத்தில் இரண்டு கணக்குக்கும் 1,53,528 ரூபாய் வித்தியாசம் நிற்கும். அது பின்னால் நேராகிவிடக்கூடியது என்பதால் ஒத்திவைக்கப்பட்ட வரி என்ற தலைப்பில் அதற்கு ஒரு பதிவு போகும்.

இருப்புநிலைக் குறிப்பில் கடனைக் காட்டும்போது நடக்கும் ஒரு தவறைச் சொல்லியாக வேண்டும், ஏனெனில் அடிக்கடி பார்க்க முடிகிறது. 2025 மார்ச் 31 அன்று நிலுவை 30,37,349. இதை அடுத்த 12 மாதத்துக்குள் தீரப்போவது, அதற்குப் பின் தீரப்போவது என்று இரண்டாகப் பிரிக்க வேண்டும். அடுத்த வருடம் பத்து லட்சம் கொடுக்கிறோமே என்று பத்து லட்சத்தை நடைமுறைப் பொறுப்பில் போட்டு, மிச்சம் 20,37,349-ஐ நீண்டகாலப் பொறுப்பில் போடுகிறார்கள். அடுத்த வருடம் தரப்போகும் பத்து லட்சத்தில் 3,64,482 வட்டி. அந்த வட்டி இன்னும் பிறக்கவே இல்லை. நிலுவைக்குள் அது இல்லை. அட்டவணையின் இரண்டாம் வரியில் உள்ள அசல் 6,35,518 மட்டுமே நடைமுறைப் பொறுப்பு. மீதி 24,01,831 நீண்டகாலப் பொறுப்பு. இது அதே வரியின் இறுதி நிலுவை. தவறாகப் பிரித்தால் கம்பெனியின் குறுகிய காலக் கடன் மூன்றரை லட்சத்துக்கு மேல் ஊதித் தெரியும், வங்கி அதிகாரி கேள்வி கேட்பார்.

இதைவிட ஆபத்தான தவறு வாடகைத் தேதியில் இருக்கிறது. நம் எடுத்துக்காட்டில் வருடக் கடைசியில் வாடகை. உண்மையில் பல லீஸ் கம்பெனிகள் முன்பணமாகவே வாங்குகின்றன. அதே பத்து லட்சம், ஆனால் ஏப்ரல் 1 அன்றே கொடுக்க வேண்டும் என்றால் என்ன ஆகும்? ஒவ்வொரு வாடகையும் ஒரு வருடம் முன்னால் வருவதால் இன்றைய மதிப்பு 40,37,349 ஆகிவிடுகிறது. சர்வரின் விலையோ 38 லட்சம். இரண்டில் குறைந்தது என்ற விதி இப்போது விலையின் பக்கம் சாய்கிறது; சொத்தையும் கடனையும் 38 லட்சத்தில் எழுத வேண்டும்.

இங்கே பலர் 38 லட்சத்தை எழுதிவிட்டு, அட்டவணையில் பழைய 12 சதவீதத்தையே ஓட்டுவார்கள். முதல் நாளே பத்து லட்சம் கொடுத்தாயிற்று, அதில் வட்டி கிடையாது, கடன் 28 லட்சமாகிறது. அங்கிருந்து 12 சதவீதத்தில் வட்டி போட்டு வாடகையைக் கழித்துக்கொண்டே வந்தால், கடைசி வாடகை கொடுத்ததும் நிலுவை பூஜ்யத்தில் நிற்காமல் எதிர்மறையில் சுமார் 3.73 லட்சத்தில் நிற்கும். லீஸ் கம்பெனி நமக்கு மூன்றே முக்கால் லட்சம் தரவேண்டும் என்று கணக்கு சொல்கிறது. அப்படி ஒரு பணம் எங்கும் இல்லை. தொடக்கத் தொகையை மாற்றினால் வீதத்தையும் மாற்ற வேண்டும் என்பதே பாடம். 38 லட்சத்தை இந்த ஐந்து முன்வாடகைகளோடு பொருத்தும் வீதத்தை எக்செல்லே கண்டுபிடித்துத் தரும்:

```
=RATE(5,-1000000,3800000,0,1)
```

விடை ஏறக்குறைய 15.97 சதவீதம். கடைசியில் இருக்கும் 1 என்பது வாடகை வருடத் தொடக்கத்தில் என்பதைக் குறிக்கிறது. அதை விட்டுவிட்டால் சுமார் 9.9 என்று ஒரு தவறான விடை வந்து நிற்கும், எக்செல் எச்சரிக்கை எதுவும் தராது. 15.97 என்ற எண்ணைப் பார்த்ததும் முதலாளி விழித்துக்கொள்ள வேண்டும். வங்கியில் 12-க்குக் கிடைத்த கடனுக்கு இங்கே 16 கொடுக்கிறார், பத்திரத்தை அடமானம் வைக்காததற்கான விலை அது. வாடகைத் தொகையை மட்டும் பார்த்தவருக்கு இது தெரிந்திருக்காது.

வருடக் கடைசியில் கொடுக்கும் நம் முதல் ஒப்பந்தத்துக்கே திரும்புவோம். மூன்று வருடம் ஓடிவிட்டது. 2027 மார்ச் 31 அன்று வாடகை கொடுத்த கையோடு, இந்தச் சர்வர் போதவில்லை என்று கம்பெனி முடிவு செய்கிறது. லீஸ் கம்பெனியோடு பேசி, இரண்டு லட்சம் இழப்பீடு கொடுத்துவிட்டுச் சர்வரைத் திருப்பி அனுப்பலாம் என்று ஒப்புக்கொள்கிறார்கள். அன்று பேரேட்டில் கடன் 16,90,051. சர்வரின் அசல் விலை 36,04,776, அதில் மூன்று வருடத் தேய்மானம் 21,62,865 போக மிச்சம் 14,41,911. கடன் பெரிது, சொத்து சிறிது. இரண்டையும் கணக்கிலிருந்து எடுக்க வேண்டும். இழப்பீட்டின் வரியை விட்டுவிட்டுப் பார்த்தால்:

குத்தகைப் பொறுப்பு – பற்று 16,90,051
திரண்ட தேய்மானம் – பற்று 21,62,865
குத்தகைச் சர்வர் – வரவு 36,04,776
வங்கி – வரவு 2,00,000
குத்தகை முடிவில் லாபம் – வரவு 48,140

இரண்டு லட்சம் தண்டம் கட்டிய நாளில் லாபம் என்று ஒரு வரி வருவதைப் பார்த்து, பதிவு தலைகீழாகிவிட்டது என்று நினைத்து நட்டமாக மாற்றி எழுதுபவர்கள் இருக்கிறார்கள். மாற்றத் தேவையில்லை. முதல் மூன்று வருடத்தில் செலவாகக் காட்டியது 32,48,140. கொடுத்த வாடகை 30 லட்சம். முன்கூட்டியே செலவில் ஏற்றிய 2,48,140-ல் இரண்டு லட்சத்தை இழப்பீடு தின்றது போக, மிச்சம் திரும்பி வருகிறது. 32,48,140-லிருந்து 48,140-ஐக் கழித்தால் 32 லட்சம். கம்பெனியின் பெட்டியிலிருந்து இந்தச் சர்வருக்காக ஜிஎஸ்டி நீங்கலாகப் போன பணமும் அதுவே.